விமர்சனச் சிந்தனைக்குத் தனி வகுப்பு தேவையா?

பாடத்திட்டம் பற்றிய கூட்டங்களில் தவறாமல் வந்துவிடும் ஒரு சண்டை உண்டு. "மாணவர்களுக்குச் சிந்திக்கக் கற்றுத்தரத் தனியாக ஒரு பாடம் வேண்டும், வாரத்துக்கு இரண்டு வகுப்பு ஒதுக்குங்கள்" என்பார் ஒருவர். "என் இயற்பியல் வகுப்பில் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன், தனியாக எதற்கு?" என்று உடனே குரல் உயர்த்துவார் இன்னொருவர். இந்தச் சண்டையில் நான் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன். இப்போது இரண்டு தரப்பின் மீதும் எனக்குச் சமமான எரிச்சல்தான். தனிப் பாடம் கேட்பவர் சிந்தனையை ஒருமுறை கற்றால் எங்கும் செல்லுபடியாகும் பொதுத்திறன் என்று எண்ணிக்கொள்கிறார். பாடத்துக்குள்ளேயே இருக்கிறது என்பவர், இயற்பியலில் மூழ்கி எழுந்தவனுக்கு அது தானாக ஒட்டிக்கொள்ளும் என்று நம்புகிறார். இரண்டையும் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. அவை இருவரையுமே கைவிடுகின்றன.

இந்த விவாதத்தின் எல்லைகளை 1989-இல் கல்வித் தத்துவ அறிஞர் ராபர்ட் என்னிஸ் நான்கு முறைகளாக வரைந்து கொடுத்தார். பாடம் சாராத தனி வகுப்பு பொது முறை. பாடத்துக்குள்ளேயே கற்பித்து, சிந்தனையின் விதிகளையும் வெளிப்படையாகப் பெயர் சொல்லிக் காட்டுவது கலப்பு முறை. பாடத்தை ஆழமாக நடத்தி, விதிகளைப் பற்றி வாயே திறக்காமல் விடுவது அமிழ்த்தல் முறை. தனி வகுப்பு ஒரு பக்கம், பாடத்துக்குள் வெளிப்படையான கற்பித்தல் மறுபக்கம் என இரண்டையும் சேர்த்து நடத்துவது இணைப்பு முறை. இவருக்குச் சில ஆண்டுகள் முன்பே, 1981-இல், ஜான் மெக்பெக் தனி வகுப்பு என்ற எண்ணத்தையே அடியோடு மறுத்திருந்தார். சிந்திப்பதென்றால் எதையாவது பற்றித்தான் சிந்திக்க முடியும், எதைப் பற்றியுமில்லாத சிந்தனை என்று ஒன்று கிடையாது என்பது அவர் வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தத்துவ வாதம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், ஓர் இடத்தில் கற்றது இன்னோர் இடத்துக்குப் போகிறதா என்பதைப் போய்ப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கல்வி உளவியலில் இதைக் கற்றல் மாற்றம் என்பார்கள்.

தனி வகுப்பிலிருந்து தொடங்குவோம். எல்லாத் தனி வகுப்புகளிலும் தூய்மையானது தர்க்கவியல். எந்தத் துறையின் சேறும் படியாத விதிகள் அதில் இருக்கின்றன. "இது இருந்தால் அது இருக்கும்" என்ற நிபந்தனைக் கூற்றை எப்படிக் கையாள வேண்டும் என்பது அதன் முதல் சில வாரங்களின் பாடம். அதைச் சோதிக்க உளவியலாளர் பீட்டர் வேசன் 1966-இல் வெளியிட்ட புதிர் ஒன்று தயாராக இருந்தது. தமிழ் எழுத்துகளில் மாற்றிச் சொல்கிறேன். மேசைமேல் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒருபுறம் எழுத்து, மறுபுறம் எண். இப்போது கண்ணுக்குத் தெரிபவை: அ, க, 4, 7. விதி இதுதான்: ஒருபுறம் உயிரெழுத்து இருந்தால் மறுபுறம் இரட்டைப்படை எண் இருக்க வேண்டும். இந்த விதி மீறப்பட்டிருக்கிறதா என்று அறிய எந்தெந்த அட்டைகளைக் கட்டாயம் திருப்பிப் பார்க்க வேண்டும்?

பெரும்பாலானோர் 'அ' என்பார்கள், அல்லது 'அ'வும் 4-உம் என்பார்கள். சரியான விடை 'அ'வும் 7-உம். 4-இன் பின்னால் மெய்யோ உயிர்மெய்யோ இருந்தாலும் விதிக்குக் கேடில்லை, ஏனெனில் இரட்டைப்படை எண்ணுக்குப் பின்னால் உயிரெழுத்துதான் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவே இல்லை. 7-இன் பின்னால் உயிரெழுத்து இருந்துவிட்டால்தான் விதி உடைகிறது. படித்தவர்களிலும் பத்தில் ஒருவர் இதைச் சரியாகச் செய்தால் அதிகம்.

1986-இல் பாட்ரிஷியா செங், கீத் ஹோலியோக், ரிச்சர்ட் நிஸ்பெட், லிண்டா ஆலிவர் ஆகியோர் ஒரு நேரடிக் கேள்வியை எழுப்பினார்கள். ஒரு பருவம் முழுக்கத் தர்க்கவியல் படித்தவர்கள் இந்தப் புதிரை நன்றாகச் செய்வார்களா? பல்கலைக்கழகத்தின் அறிமுகத் தர்க்கவியல் வகுப்பில் சேர்ந்த மாணவர்களைப் பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் சோதித்தார்கள். இடையில் ஏறக்குறைய 40 மணி நேரப் பாடம். நிபந்தனைக் கூற்றின் விதிகளெல்லாம் கரும்பலகையில் எழுதி, நிறுவி, தேர்வும் வைத்து முடிந்தது. பிழைகள் குறைந்த அளவு வெறும் 3 சதவீதம். புள்ளியியல் நோக்கில் அது ஒன்றுமே இல்லை.

இந்த முடிவைப் படித்ததும் மெக்பெக் சொன்னதுதான் சரி என்று புத்தகத்தை மூடிவிடத் தோன்றும். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு பகுதி இருக்கிறது, அதை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு. குறுகிய பயிற்சி ஒன்றைத் தனியாக வடிவமைத்தார்கள். சிலருக்கு விதியை மட்டும் விளக்கினார்கள். சிலருக்கு எடுத்துக்காட்டுப் புதிர்களை மட்டும் போட்டுக் காட்டினார்கள். சிலருக்கு இரண்டையும் சேர்த்து, இந்த விதி இந்தப் புதிரில் இந்த இடத்தில் பொருந்துகிறது என்று கைபிடித்துக் காட்டினார்கள். முன்னேறியவர்கள் மூன்றாவது குழுவினர். வெறும் விதியும் போதவில்லை, வெறும் எடுத்துக்காட்டும் போதவில்லை. 40 மணி நேரத் தர்க்கவியல் வகுப்பில் விதிக்குப் பஞ்சமே இல்லை. அந்த விதி எந்த உடையில் எதிரே வந்து நிற்கும் என்பதுதான் அங்கே கற்பிக்கப்படவில்லை.

தர்க்கவியலுக்கு நேர்ந்த கதி எல்லா விதிகளுக்கும் நேர்ந்ததா என்றால், இல்லை. அதே 1986-இல் ஜெஃப்ரி ஃபாங், டேவிட் கிராண்ட்ஸ், நிஸ்பெட் மூவரும் புள்ளியியலின் ஒரே ஒரு விதியை எடுத்துக்கொண்டார்கள்: பெரிய எண்களின் விதி. சிறிய மாதிரி தாறுமாறாக ஆடும், பெரிய மாதிரி உண்மைக்கு அருகே நிற்கும், அவ்வளவுதான். இதைக் கற்பித்ததன் விளைவைப் பார்க்க அவர்கள் செய்த ஏற்பாட்டில் எனக்குத் தனி மதிப்பு உண்டு. அறிமுகப் புள்ளியியல் வகுப்பில் படிக்கும் மாணவர்களின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, விளையாட்டுகளைப் பற்றிக் கருத்துக் கேட்கிறோம் என்று சொன்னார்கள். பாதிப்பேருக்குப் பருவத் தொடக்கத்தில் அழைப்பு, மீதிப்பேருக்கு முடிவில். கேள்விகளில் ஒன்று பேஸ்பால் பற்றியது. பருவத்தின் முதல் இரண்டு வாரங்களில் பத்துப் பந்தில் நான்கரைப் பந்து அடித்தவர் என்கிற அளவுக்குச் சராசரி வைத்திருக்கும் வீரர்கள் சிலர் எப்போதும் இருக்கிறார்கள், ஆனால் பருவம் முடியும்போது யாருமே அந்த அளவில் நிற்பதில்லை, ஏன்?

ஆட்டத்தை நேசிப்பவன் உடனே காரணம் சொல்வான். பந்து வீச்சாளர்கள் சுதாரித்துக்கொள்கிறார்கள், அடிப்பவனுக்குத் தலைக்கனம் வந்துவிடுகிறது, களைப்பு. புள்ளியியலை உள்வாங்கியவன், இரண்டு வாரம் என்பது சிறிய மாதிரி, அதில் அதிர்ஷ்டம் தூக்கிவிட்டவர்கள் நாலுபேர் இருக்கத்தான் செய்வார்கள் என்பான். பருவ முடிவில் அழைக்கப்பட்டவர்களிடம் இரண்டாம் வகை விடைகள் கூடியிருந்தன. கேட்டவர் யார் என்று தெரியாது, தேர்வு என்று தெரியாது, வகுப்பறையின் வாசனையே இல்லை. அங்கேயும் விதி எட்டிப் பார்த்திருக்கிறது. எட்டிப் பார்த்தது நிலைத்ததா என்பது வேறு கேள்வி. ஃபாங்கும் நிஸ்பெட்டும் 1991-இல் பயிற்சிக்கும் சோதனைக்கும் நடுவே இரண்டு வாரம் இடைவெளி விட்டார்கள். பயிற்சி நடந்த துறையில் திறன் அப்படியே நின்றது. பயிற்சி நடக்காத துறையில் குறைந்தது, ஆனால் பயிற்சியே பெறாதவர்களைவிட மேலாகவே இருந்தது.

இதுவரை நான் சொன்னவர்கள் கல்லூரி மாணவர்கள். சிறுவர்களிடம் போனால்தான் கற்றல் மாற்றத்தின் தூரம் கண்ணுக்குத் தெரிகிறது. இந்தத் துறையில் ஒரே ஓர் ஆய்வைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்று யாராவது கேட்டால், 1999-இல் சே சென், டேவிட் கிளார் இருவரும் வெளியிட்டதைத்தான் சொல்வேன். எடுத்துக்கொண்ட விதி, அறிவியல் சோதனையின் அரிச்சுவடி: ஒன்றின் விளைவை அறிய வேண்டுமானால் அதை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் ஒரே மாதிரி வை. மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். இரண்டு, மூன்று, நான்காம் வகுப்புகளிலிருந்து 87 குழந்தைகள், வயது ஏழிலிருந்து பத்து வரை.

குழந்தையின் முன்னால் இரண்டு சாய்தளங்கள். நான்கு விஷயங்களை மாற்றலாம். சாய்வு செங்குத்தா, சரிவா. பரப்பு வழவழப்பா, சொரசொரப்பா. பந்து உருளத் தொடங்கும் இடம் உயரத்திலா, பாதியிலா. பந்து கோல்ஃப் பந்தா, ரப்பர் பந்தா. கேள்வி: சாய்வு கூடினால் பந்து கூடுதல் தூரம் போகுமா என்று எனக்குக் காட்டு. பயிற்சி இல்லாத குழந்தை என்ன செய்கிறது? ஒரு பக்கம் செங்குத்தான சாய்வு, வழவழப்பான பரப்பு, உச்சியிலிருந்து கோல்ஃப் பந்து. மறுபக்கம் சரிவான சாய்வு, சொரசொரப்பு, பாதியிலிருந்து ரப்பர் பந்து. பந்துகளை விட்டதும் ஒன்று வெகுதூரம் போய்விடும், குழந்தை வெற்றிக் களிப்பில் நம்மைப் பார்க்கும். செங்குத்துதான் ஜெயித்தது என்று சொல்லும். குழந்தைக்கு இது போட்டி, சோதனை அல்ல. ஜெயிக்க வேண்டிய பக்கத்துக்கு எல்லா வசதியும் செய்து கொடுத்துவிட்டது.

பயிற்சி மிகச் சாதாரணமானது. இப்படி அமைத்த சோதனையை எடுத்துவைத்து, பந்து தூரம் போனதற்குக் காரணம் சாய்வுதானா, பரப்பாகவும் இருக்கலாமா, இந்தச் சோதனையிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியுமா என்று ஆய்வாளர் கேட்கிறார். பிறகு எல்லாம் ஒன்றாக இருந்து சாய்வு மட்டும் வேறுபடும் அமைப்பைக் காட்டி, இதில் ஏன் உறுதியாகச் சொல்ல முடியும் என்று விளக்குகிறார். நல்ல அமைப்புக்கும் கெட்ட அமைப்புக்கும் சில எடுத்துக்காட்டுகள். அவ்வளவே. இன்னொரு குழுவுக்கு இந்த விளக்கம் கிடையாது. ஏன் இப்படி அமைத்தாய், உறுதியாகச் சொல்ல முடியுமா என்ற கேள்விகள் மட்டும் உண்டு. மூன்றாவது குழுவுக்குப் பொருள்கள் மட்டுமே கிடைத்தன, கேள்விகளும் இல்லை.

பிறகு பொருளை மாற்றினார்கள். சாய்தளத்தில் கற்ற குழந்தைக்குச் சுருள்வில்கள் தரப்பட்டன. நீளம், அகலம், கம்பியின் தடிமன், தொங்கவிடும் எடை ஆகியவை அதில் மாறிகள். அல்லது நீரில் மூழ்கும் பொருள்கள். கேள்வி என்னவென்றால், சாய்தளம் என்ற சொல்லே காதில் விழாத இடத்தில் விதி வந்து நிற்குமா என்பது. விளக்கம் பெறாத இரண்டு குழுக்களும் பெரும்பாலும் பழைய இடத்திலேயே நின்றன. வெறுமனே செய்துபார்த்ததும், கேள்விக்குப் பதில் சொன்னதும் ஏறக்குறைய எதையும் நகர்த்தவில்லை. விளக்கம் பெற்றவர்களிடம் வயதுக்கேற்பத் தூரம் மாறியது. இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் கற்ற பொருளில் நன்றாகச் செய்தார்கள், பொருள் மாறியதும் தடுமாறினார்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் பொருள் மாறியபோதும் விதியைக் கொண்டு போனார்கள்.

ஏழு மாதம் கழித்துத்தான் உண்மையான தேர்வு. சாய்தளமும் இல்லை, சுருள்வில்லும் இல்லை, கேள்வி கேட்ட அந்த ஆளும் இல்லை. தாளில் அச்சிட்ட கேள்விகள்: செடி வளர்ப்பது, பிஸ்கட் சுடுவது, மாதிரி விமானம் பறக்கவிடுவது போன்றவை. முன்பு கற்றதை நினைத்துப் பார் என்று யாரும் சொல்லவில்லை. நான்காம் வகுப்பில் பயிற்சி பெற்றவர்கள் பயிற்சி பெறாதவர்களைத் தெளிவாக முந்தினார்கள். மூன்றாம் வகுப்பில் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை. சில நாள்களுக்குள் சுருள்வில்வரை போய்ச் சேர்ந்த அதே விதி ஏழு மாதத்தையும் தாளையும் தாண்டவில்லை. கற்றல் மாற்றம் நடந்ததா இல்லையா என்று ஒற்றைச் சொல்லில் கேட்பவர்களிடம் நான் இந்த முடிவைத்தான் காட்டுவேன். எவ்வளவு தூரம், எத்தனை நாள், யாருக்கு என்று கேட்டால்தான் விடை இருக்கிறது.

இதே வரிசையில் கிளாரும் மிலீனா நிகமும் 2004-இல் இன்னொன்று செய்தார்கள். மூன்றாம், நான்காம் வகுப்புக் குழந்தைகள் 112 பேர். பாதிப்பேருக்கு நேரடி விளக்கம், மீதிப்பேர் தாங்களாகவே பொருள்களோடு விளையாடிக் கண்டறிய வேண்டும். நேரடி விளக்கம் பெற்றவர்களில் 77 சதவீதம் விதியைக் கைக்கொண்டார்கள், தானாகக் கண்டறிய விடப்பட்டவர்களில் 23 சதவீதம். தானே கண்டுபிடித்தவனுக்கு அது ஆழமாகப் பதிந்திருக்கும் என்று நம் ஆசிரியர்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதையும் சோதித்தார்கள். வேறு மாணவர்கள் செய்த அறிவியல் கண்காட்சி விளக்கத்தாள்களில் குறை கண்டுபிடிக்கச் சொன்னபோது, விதியைப் பிடித்துக்கொண்டவர்கள் எந்த வழியில் பிடித்திருந்தாலும் ஒரே மாதிரிதான் செய்தார்கள். இயற்பியல் ஆசிரியர் நண்பருக்கு இது கசக்கும். பாடத்துக்குள்ளேயே சிந்தனை இருக்கிறது என்று அவர் சொல்வது உண்மை. அது வகுப்பின் நான்கில் ஒரு பங்குக்கு மட்டும் தெரிகிற மாதிரி இருக்கிறது என்பதும் உண்மை.

இப்போது பெரிய எண்களுக்கு வருவோம். 2008-இல் ஃபிலிப் அப்ராமியும் அவர் குழுவும் விமர்சனச் சிந்தனையைக் கற்பித்துப் பார்த்த 117 ஆய்வுகளைத் திரட்டினார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், 161 ஒப்பீடுகள். என்னிஸின் நான்கு வகைகளில் அவற்றைப் பிரித்தபோது கிடைத்த சராசரி விளைவுகளைத் திட்ட விலக்கத்தில் சொன்னால்: அமிழ்த்தல் 0.09, தனி வகுப்பு 0.38, பாடத்துக்குள் வெளிப்படையாகக் கற்பித்த கலப்பு 0.54, இரண்டையும் சேர்த்த இணைப்பு 0.94. ஒரு திட்ட விலக்கம் என்பது வகுப்பின் நடுவில் நிற்கும் மாணவரை நூற்றில் எண்பத்து நான்காவது இடத்துக்கு உயர்த்தும் அளவு. 0.09 என்பது ஏறக்குறைய இருந்த இடம்.

இந்த நான்கு எண்களைப் பயிற்சிப் பட்டறைகளில் திரையில் போட்டு, ஆக இணைப்பு முறையே சிறந்தது என்று முடிப்பவர்கள் உண்டு. நான் அவசரப்பட மாட்டேன். 161 ஒப்பீடுகளில் இணைப்பு முறைக்குக் கிடைத்தவை ஒரு சிறு பகுதிதான். சில ஒப்பீடுகளின் சராசரி எப்படி ஆடும் என்று மேலே சொன்ன புள்ளியியல் மாணவரே சொல்லிவிடுவார். அதே குழு 2015-இல் கடுமையான அளவுகோல்களோடு 341 ஒப்பீடுகளைத் தொகுத்தபோது நான்கு வகைகளுக்கும் நடுவே புள்ளியியல் நோக்கில் நம்பத்தக்க வேறுபாடு எதுவும் நிற்கவில்லை. ஒட்டுமொத்தச் சராசரி 0.30 சுற்றளவில் இருந்தது. கூடுதல் பலன் தந்தவை உரையாடல், உண்மையான சிக்கல்களை முன்வைத்துக் கற்பித்தல், கூடவே நின்று வழிகாட்டுதல் ஆகியவை. பெரும் வேறுபாடாக 2008-இல் தெரிந்தது பெயர்ப்பலகையைவிட, உள்ளே நடந்ததைப் பொறுத்தது என்று நான் படித்துக்கொள்கிறேன்.

எண்களின் இன்னொரு பலவீனம் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. இந்த ஆய்வுகளில் கணிசமானவை பயன்படுத்திய அளவுகோல்கள் பொதுவான விமர்சனச் சிந்தனைத் தேர்வுகள். அவற்றின் கேள்வி இப்படி இருக்கும்: ஒரு சிறு பத்தி, அதன்கீழ் ஒரு முடிவு, இந்த முடிவு பத்தியிலிருந்து கட்டாயம் பெறப்படுகிறதா, இல்லையா, தகவல் போதாதா என்று குறி. தனி வகுப்பில் பருவம் முழுக்கச் செய்த பயிற்சியும் ஏறக்குறைய இதே வடிவில்தான் இருக்கும். பத்தி மாறியிருக்கும், கேள்வியின் சட்டகம் மாறியிருக்காது. அதில் மதிப்பெண் கூடினால் அது உருளும் பந்திலிருந்து வேறு பந்துக்குப் போன தூரம்தான், சாய்தளத்திலிருந்து செடி வளர்ப்புக்குப் போன தூரம் அல்ல. தனி வகுப்பு பலனளித்தது என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, தேர்வுத்தாள் எந்த அறையில், யார் பெயரில், எத்தனை நாள் கழித்துக் கொடுக்கப்பட்டது என்பதுதான். வகுப்பாசிரியரே அதே அறையில் கடைசி வாரத்தில் கொடுத்திருந்தால், "இப்போது அதைப் பயன்படுத்து" என்று அறையே சொல்லிவிடுகிறது.

தனி வகுப்பை இவ்வளவு சொல்லிவிட்டு, பாடத்துக்குள் ஆழமாகப் போனால் போதும் என்பவர்களை விட்டுவிட்டால் நியாயமில்லை. அவர்களுக்குப் பதில் சொல்ல வரலாற்றுத் துறைதான் சரியான இடம், ஏனெனில் ஆவணத்தைச் சந்தேகிப்பதையே தொழிலாகக் கொண்ட துறை அது. சாம் வைன்பர்க் 1991-இல் வரலாற்றாசிரியர்களையும் பள்ளி மாணவர்களையும் அமெரிக்கப் புரட்சியின் முதல் மோதலைப் பற்றிய ஆவணங்களைச் சத்தமாகச் சிந்தித்தபடி படிக்கவைத்தார். மாணவர்கள் முதல் வரியிலிருந்து படித்தார்கள். வரலாற்றாசிரியர்கள் கண்ணை நேரே அடிக்குறிப்புக்குக் கொண்டுபோனார்கள்: யார் எழுதியது, எப்போது, யாருக்காக. மாணவர்களுக்கு ஆவணம் தகவல் தரும் தாள், வரலாற்றாசிரியர்களுக்கு அது ஒருவர் பேசும் பேச்சு. துறைக்குள் பல ஆண்டுகள் வாழ்ந்து பெற்ற விமர்சனச் சிந்தனைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அதே வைன்பர்க், சாரா மெக்ரூவோடு சேர்ந்து 2017-இல் இன்னோர் ஆய்வை வெளியிட்டார். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் 10 பேர், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு இளங்கலை மாணவர்கள் 25 பேர். இணையதளங்களின் நம்பகத்தன்மையை மதிப்பிடுவதுதான் வேலை. ஒரு பணியில் குழந்தைகள் மருத்துவர்களின் இரண்டு அமைப்புகளின் பக்கங்கள் தரப்பட்டன. ஒன்று 1930-இல் தொடங்கிய, பல்லாயிரம் உறுப்பினர்களைக் கொண்ட துறைசார் சங்கம். மற்றொன்று 2002-இல் அதிலிருந்து பிரிந்த சிறு குழு, ஆனால் பெயர் அதே கம்பீரத்தோடு இருக்கும். இரண்டு பக்கங்களும் பார்வைக்கு ஒழுங்கானவை, மேற்கோள்கள் உண்டு, சின்னம் உண்டு.

வரலாற்றாசிரியர்களில் பலர் தடுமாறினார்கள். அவர்கள் பக்கத்தை மேலிருந்து கீழாக, தமக்குப் பழக்கமான நிதானத்தோடு படித்தார்கள். சின்னத்தை எடைபோட்டார்கள், மேற்கோள்களைப் பார்த்தார்கள், நடையைக் கவனித்தார்கள். சரிபார்ப்பாளர்கள் பக்கத்தைப் படிக்கவே இல்லை. தரையிறங்கிய சில நொடிகளில் புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடப் போய்விட்டார்கள். பக்கவாட்டு வாசிப்பு என்று இதற்குப் பெயர் வைத்தார்கள் ஆய்வாளர்கள். எழுதியவர் யார் என்பது இருவருக்கும் ஒரே கேள்விதான். ஆவணக் காப்பகத்தில் அந்தக் கேள்விக்கு விடை தாளிலேயே அல்லது தன் தலையிலேயே இருக்கும். இணையத்தில் தாள் பொய் சொல்லும், விடை வெளியே இருக்கிறது. கேள்வி இடம் மாறியது, விடை தேடும் வழி மாறவில்லை. வாழ்நாள் முழுக்கத் துறையில் ஊறியும் இந்தச் சிறு தூரத்தைப் பலரால் தாண்ட முடியவில்லை என்றால், வருடத்துக்கு ஒரு பாடநூல் படிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை அதைத் தானாகத் தாண்டும் என்று எந்த நம்பிக்கையில் சொல்கிறோம்?

ஆனால் அந்தச் செயலுக்குப் பெயர் வைத்ததும் அது கற்பிக்கக்கூடியதாகிவிட்டது. 2022-இல் வெளியான கள ஆய்வில், உயர்நிலைப் பள்ளிகளின் ஆட்சிமுறைப் பாட வகுப்புக்குள்ளேயே ஐம்பது நிமிடப் பாடங்கள் ஆறு நடத்தினார்கள். 499 மாணவர்கள். தனிப் பாடமாக வைக்கவில்லை, வழக்கமான ஆசிரியர்கள் வழக்கமான பாடத்துக்குள் நடத்தினார்கள். ஆசிரியர் முதலில் தன் திரையில் செய்து காட்டுவார், மாணவர்கள் பிறகு செய்வார்கள். பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட முன்னேறினார்கள். ஆறு பாடம், ஒரு பெயர், ஒரு பாடத்துக்குள் இடம்.

இந்த ஆய்வுகளை அடுக்கிப் பார்க்கும்போது எனக்கு நெருடுவது, கூட்டங்களில் நாம் சண்டை போடும் பொருளே எந்த ஆய்விலும் இல்லை என்பது. இடம் மாறியவை எல்லாம் ஒரு வரியில் சொல்லக்கூடிய விதிகள்: சிறிய மாதிரியை நம்பாதே, ஒன்றை மட்டும் மாற்று, பக்கத்தை விட்டு வெளியே போய்ப் பார். விமர்சனச் சிந்தனை என்ற மொத்தச் சரக்கு எங்கும் நகர்ந்ததற்கு எனக்குச் சான்று தெரியவில்லை. ஆகவே தனி வகுப்பா, பாடத்துக்குள்ளா என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது: எந்த விதி?

அதற்கு விடை கிடைத்துவிட்டால் அடுத்த சிக்கல் முழுக்க நிர்வாகச் சிக்கல்தான். "ஒன்றை மட்டும் மாற்று" என்ற விதியை எடுத்துக்கொள்வோம். அறிவியல் ஆசிரியர் அதை நியாயமான சோதனை என்பார், புவியியல் ஆசிரியர் ஒப்பீட்டு முறை என்பார், கணித ஆசிரியர் வரைபடம் போடும்போது பெயரே சொல்லாமல் செய்துவிடுவார். மாணவரின் நோட்டுப் புத்தகங்களில் இவை மூன்று தனித்தனி விஷயங்கள். மூவரும் ஒரே பெயரைச் சொல்லி, ஒரே மாதத்தில், தத்தம் பாடத்தின் பொருளை வைத்து நடத்தினால் சென்னும் கிளாரும் சாய்தளத்தையும் சுருள்வில்லையும் அடுத்தடுத்து வைத்ததற்கு ஈடான ஏற்பாடு நடக்கும். அடுத்த பருவத்தில், முன்னறிவிப்பில்லாமல், மொழிப்பாடத் தேர்வில் ஒரு விளம்பரத்தைக் கொடுத்து அதன் ஒப்பீட்டில் என்ன கோளாறு என்று கேட்கலாம். விதி வந்து நிற்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும். இதற்குத் தனிப் பாடவேளை தேவையில்லை. மூன்று ஆசிரியர்கள் பருவத் தொடக்கத்தில் ஒரு மணி நேரம் ஒன்றாக உட்கார வேண்டும். நான் பார்த்த கால அட்டவணைகளில் தனிப் பாடத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது, இந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் கிடைத்ததில்லை.